ஜப்பானியச் சொல்லில் எதைக் குறிப்பது: அழுத்தமா, தொனியா, சுருதி இறக்கமா?

கோலாலம்பூரில் எங்கள் ஜப்பானிய மாலை வகுப்பில் ஒரே சொல்லின் உச்சரிப்பை மூன்று விதமாகக் குறித்துவைப்பார்கள். ஆங்கிலப் பழக்கம் உள்ளவர்கள் ஓர் அசையின்மேல் அழுத்தக் குறி போடுவார்கள். கேண்டனீஸ் பேசுகிறவர்கள் ஒவ்வோர் அசைக்கும் மேல், கீழ் என்று கோடு இழுப்பார்கள். நான் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண் மட்டும் எழுதுகிறேன். குரல் எத்தனையாவது மாத்திரைக்குப் பிறகு இறங்குகிறது என்பது அந்த எண். இறங்கவே இல்லையென்றால் 0. ஜப்பானிய அகராதிகள் சிலவும் இப்படித்தான் போடுகின்றன.

பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் எதைக் குறிக்கிறோம் என்பதிலேயே அந்த மொழியை எந்த வகையில் வைக்கிறோம் என்பது தெரிந்துவிடும். முதல் குறி அழுத்த மொழிக்கு, இரண்டாவது தொனி மொழிக்கு, மூன்றாவது ‘பிட்ச் ஆக்சென்ட்’ என்று சொல்லப்படும் மொழிக்கு. நான் மூன்றாவதன் பக்கம். காரணம் சொல்கிறேன்.

அழுத்தத்தைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் அழுத்தம், வினையானால் இரண்டாவதில். அதையே கேள்வியாக இழுத்துக் கேளுங்கள். அழுத்தமான அசையில் குரல் தாழ்ந்து பின்னால் ஏறும். சுருதி தலைகீழாகிவிட்டது, ஆனால் சொல் மாறவில்லை. அழுத்தம் நீளத்திலும் பலத்திலும் உயிரொலியிலும் தங்கியிருக்கிறது, சுருதி வாக்கியத்துக்கு உரியது. (நம்மூர் ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத உயிர்கள் அவ்வளவாக மங்குவதில்லை, அதனால் இந்தச் சோதனைக்கு நம் பேச்சைவிட லண்டன் பேச்சு தோது.) ஜப்பானிய மொழியில் ‘அமெ’ என்றால் மழை, முதல் மாத்திரை மேலே, இரண்டாவது கீழே. ‘மழையா?’ என்று கேட்டாலும் அந்த இறக்கம் அப்படியே இருக்கும், அதற்குப் பிறகுதான் குரல் ஏறும். இறக்கத்தை விட்டுவிட்டால் சொல் மிட்டாய் ஆகிவிடும். அதாவது சுருதி இங்கே சொல்லுக்கே சொந்தம்.

இன்னொரு சோதனையும் அழுத்தத்தைத் தள்ளிவிடும். அழுத்த மொழியில் பொருளுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தலைமை அசை கட்டாயம். டோக்கியோ பேச்சிலோ இறக்கமே இல்லாத சொற்கள் ஏராளம்.

சரி, சுருதி சொல்லுக்குச் சொந்தம் என்றால் அது தொனி மொழிதானே? நியாயமான கேள்வி. இங்கேதான் நான் முடிவெடுக்கக் காரணமான சோதனை வருகிறது: சொல் நீள நீள, நினைவில் வைக்க வேண்டியது எப்படி வளர்கிறது?

கேண்டனீஸில் பொதுவாக ஆறு தொனி என்பார்கள். ‘ஸி’ என்ற ஒரே அசை தொனியைப் பொறுத்துக் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, ‘ஆம்’ என்று மாறும். இரண்டசைச் சொல்லில் ஒவ்வோர் அசைக்கும் தனித் தொனி, ஆக 36 வாய்ப்பு. மூன்றசைக்கு 216. ஒவ்வோர் அசையும் தன் தொனியைச் சுமந்து வருவதால் பெருக்கிக்கொண்டே போகும். ஒவ்வோர் அசைக்கும் குறி போடுவது அந்த மொழிக்குத் தேவை.

டோக்கியோவில் மூன்று மாத்திரைப் பெயர்ச்சொல்லை எடுங்கள். மேல், கீழ் என்று இரண்டே நிலை வைத்தாலும், ஒவ்வொரு மாத்திரையும் சுதந்திரமாக இருந்தால் எட்டு வகை வரவேண்டும். வருவது நான்குதான். இனொச்சி (உயிர்) 1, தமகொ (முட்டை) 2, ஒதொகொ (ஆண்) 3, ஸகன (மீன்) 0. நான்கு மாத்திரைக்கு ஐந்து வகை. ஒரு மாத்திரை கூடினால் ஒரு வகைதான் கூடும். இறக்கம் எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்ற எல்லா உயர்வு தாழ்வும் விதிப்படி வரும்: முதல் மாத்திரையில் இறக்கம் இல்லையென்றால் அது தாழ்ந்து தொடங்கும், அடுத்தது ஏறும், இறக்கம் வரும்வரை மேலேயே நிற்கும். விதி தருவதைக் கோடு போட்டு மனப்பாடம் செய்வது வீண் சுமை. வினைகளில் இன்னும் சுலபம்: இறங்கும், இறங்காது என்று இரண்டே வகை, இறங்கினால் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய மாத்திரையில்.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சொல்லைத் தனியாகச் சொல்லவைத்துக் கேட்டால் போதாது. ‘ஹன’ என்றால் பூ, மூக்கு இரண்டும்தான். தனியாகச் சொன்னால் இரண்டும் தாழ்ந்து ஏறும், காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் ‘க’ என்ற எழுவாய் உருபைச் சேருங்கள். பூவானால் ஹ கீழே, ன மேலே, க கீழே. மூக்கானால் க-வும் மேலேயே நிற்கும். பூவுக்கு எண் 2, மூக்குக்கு 0. இறக்கம் சொல்லின் கடைசியில் இருப்பதால், விழுவதற்குப் பின்னால் ஓர் அசை வேண்டும். சொற்பட்டியலை மட்டும் ஒலிப்பதிவு செய்தால் இந்த வகை மொத்தமாகக் காணாமல் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ‘பிட்ச் ஆக்சென்ட்’ என்பது அழுத்தத்துக்கும் தொனிக்கும் நடுவில் உள்ள உறுதியான மூன்றாவது பெட்டி என்று நான் சொல்லமாட்டேன். மொழியியலாளர் லாரி ஹைமன் 2009-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டது அதுதான்: இந்தப் பெயரில் சேர்க்கப்படும் மொழிகளுக்குப் பொதுவான ஒரு முன்மாதிரி கிடையாது, தொனியின் பண்புகளையும் அழுத்தத்தின் பண்புகளையும் அவை வெவ்வேறு விதமாகக் கலந்து எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அது சரியென்றே படுகிறது, ஜப்பானுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. தெற்கே ககோஷிமாவின் பேச்சில் அதே பூவையும் மூக்கையும் பாருங்கள். மூக்குக்குக் கடைசிக்கு முந்தைய அசை உயரும், பூவுக்குக் கடைசி அசை. உருபு சேர்ந்தால் உயர்வும் நகர்ந்துவிடும்: மூக்கில் ‘ன’ உயரும், பூவில் ‘க’ உயரும். சொல் எவ்வளவு நீண்டாலும் வகை இரண்டுதான். இங்கே இடத்தைக் குறிக்கும் என் எண் உதவாது, எந்த வகை என்ற ஒரு எழுத்துப் போதும். ஒவ்வொரு சொல்லிலும் ஒரே ஒரு உயர்வு கட்டாயம் இருப்பதால் அது அழுத்தம் போலத் தெரியும். சொல் முழுவதற்கும் ஒரு மெட்டு என்று பார்த்தால் தொனி போலத் தெரியும். அதனால் மொழிக்குப் பெயர் வைப்பதைவிட, வகைகள் பெருகுகின்றனவா, ஒவ்வொன்றாகக் கூடுகின்றனவா, மாறாமல் நிற்கின்றனவா என்று கேட்பதே எனக்குப் பயன்படுகிறது.

இங்கேயே பக்கத்து வீடுகளில் கேட்கும் பஞ்சாபியை எங்கே வைப்பது என்று அப்புறம் யோசித்தேன். நான் அதைக் கேட்டதோடு சரி, படித்ததில்லை, ஆகவே இது தயக்கத்தோடு சொல்வது. ‘கோடா’ போன்ற ஒரே ஒலி தாழ்ந்த தொனியில் குதிரை, சமநிலையில் சாட்டை, உயர்ந்த தொனியில் தொழுநோயாளி. எழுத்தில் ‘க’ வரிசையின் மூச்சுள்ள ஒலியாக இன்னும் நிற்கும் முதலெழுத்தே குதிரையின் தாழ்ந்த தொனிக்கு மூலம். வேறுபாடு இடத்தில் இல்லை, தொனியின் வகையில் இருக்கிறது. அந்த வகையில் கேண்டனீஸ் பக்கம். ஆனால் சொல்லுக்கு ஒரு தொனிதான், அதுவும் அழுத்தமான அசையோடு ஒட்டிக்கொள்கிறது. சொல் நீண்டாலும் பெருக்கல் இல்லை. நோட்டில் எழுதச் சொன்னால் அழுத்தமான அசைக்கு ஒரு குறி, அதன் தொனிக்கு இன்னொரு குறி என்று இரண்டு போடுவேன், மற்ற அசைகளை வெறுமையாக விட்டுவிடுவேன்.