அடிமுத்திரை, உள்ளச்சு, பசைக்கோடு: படத்தில் எதை நம்புவது?

பயன்படுத்திய சர்ச்சஸ் ஷூ ஒன்றை இணையத்தில் வாங்க முனைபவருக்குக் கிடைப்பவை நான்கைந்து புகைப்படங்கள் மட்டுமே. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் 1873-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அசலையும் போலியையும் பிரித்தறிய அந்தப் படங்களில் மூன்று தடயங்கள் கிடைக்கின்றன: சோலில் அழுத்திய முத்திரை, இன்சோல்மீது பொன்னிறத்தில் அடித்த உள்ளச்சு எழுத்து, மேல்தோலும் அடிப்பகுதியும் சேரும் இடத்தின் பசைக்கோடு. பெரும்பாலோர் முதலில் முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். என் கணக்கில் அது கடைசியாக வர வேண்டும்.

சூடேற்றிய அச்சைத் தோலில் அழுத்தும்போது எழுத்துகள் பள்ளமாகப் பதிந்து, அவற்றின் ஓரங்களில் தோல் சற்றுக் கறுக்கும். மலிவான போலியில் எழுத்து மையால் மேலோட்டமாக அச்சிடப்பட்டிருக்கும், அல்லது ரப்பரோடு ரப்பராக வார்க்கப்பட்டிருக்கும். இந்த வேறுபாடு பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும், ஃபிளாஷ் வெளிச்சத்தில் மறைந்துவிடும். ஆனால் ஓர் அச்சை வெட்டுவது போலி செய்பவருக்குப் பெரிய செலவே அல்ல. தவிர, அசல் ஷூவுக்கும் தெருமுனைத் தொழிலாளி புதிய சோல் போட்டிருக்கலாம். அப்போது முத்திரையே இராது. ஆகவே முத்திரை இருப்பதும் இல்லாததும் தனித்து எதையும் நிறுவாது. தேய்மானம் மட்டும் சிறிது உதவும்: பாதத்தின் வளைவுக்குக் கீழுள்ள பகுதி தரையில் படாததால் அங்குள்ள எழுத்து நெடுநாள் நிற்கும், முன்பகுதியில் உள்ளது விரைவில் அழியும்.

உள்ளச்சு இதைவிடப் பயனுள்ளது. குதிகால் பட்டுப் பட்டுப் பொன்னிற எழுத்து நடுவில்தான் முதலில் மங்கும். சுற்றியுள்ள தோல் வியர்வையால் கறுத்திருக்க எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தால் ஐயப்பட வேண்டும். சர்ச்சஸில் இன்னொரு வசதியும் உண்டு. பழைய ஷூக்களின் உள்ளச்சில் லண்டன், நியூயார்க், பாரிஸ் என்ற மூன்று நகரப் பெயர்களே இருந்தன. மிலானும் டோக்கியோவும் பின்னர் சேர்ந்தன. உட்பக்கத் தோலில் அளவோடும் அகல எழுத்தோடும் லாஸ்ட் எண்ணும், அதாவது ஷூ வடிக்கப்பட்ட கட்டையின் எண்ணும், இருக்கும். பிராடா 1999-இல் நிறுவனத்தை வாங்கிய பிறகு 73 என்ற லாஸ்டின் இடத்துக்கு 173 வந்தது. ஆக, 73 எண்ணுள்ள ஷூவில் ஐந்து நகர அச்சு இருந்தால் அதற்கு விளக்கம் உண்டு: தொழிற்சாலையில் புதுப்பித்தபோது உள்ளச்சு பதித்த உள்ளட்டையையும் மாற்றியிருப்பார்கள். மூன்று நகர அச்சோடு 173 எண் வந்தால் அத்தகைய எளிய விளக்கம் கிடைப்பதில்லை. முரண்பாடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

இவ்விரண்டையும்விட நான் அதிகம் நம்புவது மேல்தோலும் சோலும் சேரும் இடத்தின் பசைக்கோட்டைத்தான். சர்ச்சஸ் ஷூக்கள் பெரும்பாலும் செய்யப்படும் குட்இயர் வெல்ட் முறையில், மேல்தோல் வெல்ட் என்னும் தோல்பட்டையோடு தைக்கப்பட்டு, அப்பட்டையின்மேல் சோல் மறுபடி தைக்கப்படுகிறது. போலியில் பெரும்பாலும் தையல் போல வடிவம் வார்த்த பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். உண்மை நூலில் முறுக்குத் தெரியும், வளைவுகளில் தையல் இடைவெளி சற்று மாறும், பட்டை குதிகால் தொடங்கும் இடத்தில் முடிந்து இணைப்புக் காட்டும். வார்த்த பட்டையிலோ தையல் எந்திரக் கச்சிதத்தோடு ஒரே நிறத்தில் ஓடும். பாத வளைவின் உட்புறத்தில், பட்டைக்கும் மேல்தோலுக்கும் நடுவே, பளபளக்கும் பசை மெல்லிய கோடாகத் தெரியும். இதை மறைக்க வேண்டுமானால் ஷூவை உண்மையாகவே தைக்க வேண்டும். அந்தச் செலவைப் போலி தாங்காது.

இதற்கும் வரம்பு உண்டு. இத்தாலிய லோஃபர்கள் பலவற்றில் வெல்ட்டே கிடையாது, நேர்மையாகவே ஒட்டப்பட்டவையும் உள்ளன. ஆகவே அந்த மாடல் எந்த முறையில் செய்யப்பட்டது என்று தெரியாமல் பசையைக் கண்டதும் போலி என்பது அவசரம். சோலின் அடியில் தையல் தெரியவில்லை என்பதும் குற்றமல்ல. உயர்தர ஷூக்களில் தோலைக் கீறி, தையலை அதனுள் மூடிவிடுவார்கள்.

ஒரு கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூவின் படங்களை இம்முறையில் பார்ப்போம். முன்சோல் தேய்ந்திருக்கிறது, வளைவில் முத்திரை தெளிவாக உள்ளது, இது இயல்பே. உள்ளே மூன்று நகர அச்சு, கையெழுத்தில் 173. இங்கு ஐயம் எழுகிறது. வெல்ட் தையல் பட்டையின் நிறத்திலேயே, முறுக்கில்லாமல், இணைப்பே இன்றிச் சுற்றி ஓடுகிறது. இத்துடன் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். ஆனால் தையல் உண்மை நூலாக இருந்தால், குதிகாலின் முன்விளிம்பையும் பாத வளைவின் உட்புறத்தையும் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், அன்றைய தேதி எழுதிய தாளை அருகில் வைத்து, எடுத்து அனுப்புமாறு விற்பவரிடம் கேட்க வேண்டும். வேறொருவருடைய ஷூவின் படங்களைக் கடன் வாங்கியவரால் அந்தப் படத்தைத் தர இயலாது.