வாடகை வரவில்லை என்பது யாருக்கு முதலில் தெரியும்? வங்கி அறிவுறுத்தலா, யுபிஐ ஆட்டோபேயா

மண்டபம் ஊரில் என் அம்மாவுக்கு மூன்று வீடுகள் இருக்கின்றன. மாதம் 6,500 ரூபாய் வீதம் வாடகை, ஐந்தாம் தேதி கெடு. முதல் வீட்டில் மாதச் சம்பளக்காரர், இரண்டாவதில் விசைப்படகு ஓட்டுபவர், மூன்றாவதில் பாம்பனில் சங்குப் பொருள் கடை வைத்திருக்கும் பெண்மணி. கணக்கு பார்ப்பது நான். மாதாமாதம் வாசலில் போய் நிற்பது எனக்கும் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம். அதனால் வாடகை தானாக வரும்படி செய்ய இரண்டு வழிகளையும் பார்த்தேன்.

வங்கியில் கொடுக்கும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், தமிழில் நிலையான அறிவுறுத்தல், முழுக்கக் குடியிருப்பவரின் கையில் இருப்பது. தன் கணக்கிலிருந்து எந்தத் தேதியில், எவ்வளவு, யாருக்கு, எந்த மாதம் வரை என்று அவர் தன் வங்கிக்குச் சொல்லிவைக்கிறார். வேறு வங்கி என்றால் பணம் நெஃப்ட் வழியாக வரும். வீட்டுக்காரர் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் போதும்.

யுபிஐ ஆட்டோபே அதற்கு நேர்மாறு. இங்கே பணத்தைக் கேட்பது வாங்குபவரின் தரப்பு. குடியிருப்பவர் ஒருமுறை பின் எண் போட்டு ஒப்புதல் தருகிறார். அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான தொகை மாதாமாதம் பின் எண் இல்லாமலே போகும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அவருக்கு அறிவிப்பு வரும். வேண்டாம் என்றால் செயலியிலேயே நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம். ஒப்புதலில் உச்சவரம்பை மட்டும் குறிக்கவும் வழி உண்டு. 8,000 என்று வரம்பு வைத்துவிட்டு, தண்ணீர் வண்டிக்கான பங்கைச் சேர்த்து ஒரு மாதம் 6,900, மறுமாதம் 6,700 என்று பிடிக்கலாம். நிலையான அறிவுறுத்தலில் தொகை மாறாது. தண்ணீர்ப் பணத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

இதுவரை படித்தால் ஆட்டோபேயே மேல் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அப்படிப் பணத்தைக் கேட்கும் உரிமை வணிகராகப் பதிவு செய்தவருக்குத்தான். பணம் வசூலித்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் கணக்குத் தொடங்கி, ஆவணங்கள் கொடுத்து, அவர்கள் கேட்கும் கட்டணத்தையும் கட்ட வேண்டும். மூன்று வீடுகளுக்கு இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. ராமேசுவரத்தில் இருபது, முப்பது அறைகளை மாத வாடகைக்கு விடுபவர் என்றால் கணக்கு வேறு. அவருக்கு ஆட்டோபே கட்டுப்படியாகும்.

அவருக்கு அது தரும் பெரிய வசதி, தவறிய தவணை அன்றே தெரிந்துவிடுவது. கணக்கில் பணம் போதாவிட்டால் `Z9` என்ற குறியீட்டோடு தோல்விச் செய்தி வாங்குபவரின் தரப்புக்கே வரும். ஒப்புதலை ரத்து செய்திருந்தாலும் தெரியும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோபே நெரிசலற்ற நேரங்களில்தான் ஓடுகிறது: காலை பத்து மணிக்கு முன், பிற்பகல் ஒன்று முதல் ஐந்து வரை, இரவு ஒன்பதரைக்குப் பின். முதல் முயற்சி தவறினால் இன்னும் மூன்று முயற்சிகள் உண்டு. ஆகவே நண்பகலில் பணம் வரவில்லை என்று தொலைபேசியை எடுக்கக் கூடாது; மறுநாள் காலை பார்த்தால் போதும்.

நிலையான அறிவுறுத்தலில் தோல்வி சத்தமில்லாமல் நடக்கும். அதை நான் பாடமாகவே படித்தேன். படகு ஓட்டுபவர் 2025 மே 5-ம் தேதிக்கு அறிவுறுத்தல் வைத்திருந்தார். அன்று அவர் கணக்கில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். வங்கி இருப்பதை எடுத்துக்கொண்டு மீதியை அப்புறம் எடுக்காது. முழுத் தொகை இல்லை என்றால் ஒன்றும் போகாது. அது தவறியதற்கு அவர் கணக்கில் ஒரு கட்டணமும் ஏறியது. செய்தி அவருடைய பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. எனக்கு எதுவுமே வரவில்லை, வரவும் வராது. 19-ம் தேதி பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

கேட்டபோது அவர் திகைத்துப்போனார். “பணம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன், அண்ணே. கடல் திறக்கட்டும், தந்துவிடுகிறேன்” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது பங்கு எங்கிருந்து வரும்? வருமானமே இல்லாத இரண்டு மாதங்களில் தானாகப் பணம் பிடிக்க ஏற்பாடு செய்தது என் தவறு. ஆட்டோபே இருந்திருந்தால் தோல்வி எனக்கு ஐந்தாம் தேதியே தெரிந்திருக்கும், அவ்வளவுதான், பணம் வந்திருக்காது.

இருவரும் உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டோம். ஆண்டு வாடகை 78,000 ரூபாய். அதைப் பத்தாக வகுத்தால் 7,800. ஜூலை 5-ல் தொடங்கி ஏப்ரல் 5-ல் முடிவதாக அறிவுறுத்தல் வைத்தால் சரியாகப் பத்துத் தவணை. கடைசித் தவணை தடைக்கு முன்பே போய்விடும். மே, ஜூன் மாதங்களில் பிடிப்பதே இல்லை. நிலையான அறிவுறுத்தலுக்கு முடிவுத் தேதி கொடுக்கலாம் என்பது இங்கே கைகொடுத்தது. நடுவில் வீட்டைக் காலி செய்தால் எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ வந்திருக்கிறது என்பதையும், அதை முன்பணத்தோடு எப்படி நேர் செய்வது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். பழைய மே, ஜூன் பாக்கியைத் தனியாகத் தந்து தீர்த்துவிட்டார்.

தோல்வியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன உபாயம் செய்திருக்கிறேன். வீட்டு எண்ணையே தொகையின் கடைசி இலக்கமாக வைத்துவிட்டேன்: முதல் வீடு 6,501, இரண்டாவது 7,802, மூன்றாவது 6,503. அனுப்பியவர் பெயர் வங்கி விவரப் பட்டியலில் பாதியில் வெட்டுப்பட்டு வந்தாலும் தொகையே ஆளைச் சொல்லிவிடும். அந்தப் பட்டியலை எக்செல் தாளில் இறக்கி, தேதியை A வரிசையிலும் வரவை B வரிசையிலும் வைத்து, எட்டாம் தேதி இரவு இதைப் பார்ப்பேன்:

```
=COUNTIFS(A:A,">="&DATE(2025,12,5),A:A,"<="&DATE(2025,12,8),B:B,6503)
```

விடை 1 என்றால் வந்துவிட்டது. 0 என்றால் மறுநாள் பேச வேண்டும். மூன்று நாள் அவகாசம் விடுவதற்குக் காரணம், கெடு விடுமுறை நாளில் விழுந்தால் சில வங்கிகள் அடுத்த வேலை நாளில்தான் அனுப்பும்.

டிசம்பரில் மூன்றாவது வீட்டுக்கு விடை 2 என்று வந்தது. கடைக்கார அக்கா எந்தத் தானியங்கி ஏற்பாட்டுக்கும் உடன்படவில்லை. சுற்றுலாக் கூட்டத்தைப் பொறுத்துத்தான் தன் கையில் காசு இருக்கும் என்று சொல்லி, யுபிஐயில் அவரே அனுப்புகிறார். அன்று திரையில் ‘நிலுவையில்’ என்று காட்டியதும் பதறி மறுபடியும் அனுப்பிவிட்டார். இரண்டுமே வந்துசேர்ந்தன. நிலுவை என்றால் காத்திருப்பதே வழி. பணம் எடுக்கப்பட்டு எங்களுக்கு வரவில்லை என்றால், மறுநாளுக்குள் அது அவர் கணக்குக்கே திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ம் ஆண்டு உத்தரவு. அந்த இரண்டாவது 6,503-ஐ ஜனவரிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஜனவரியில் அவர் வீட்டுக்கு விடை 0 வந்தபோது நான் அவரை அழைக்கவில்லை.