ஒரு வெபினார் பதிவின் மீதரவு: நான்கு ஆண்டுகள் பராமரித்ததில் கண்டவை

ஒரு தொழில்முறை அமைப்பு மாதந்தோறும் நடத்தும் வெபினார்களின் பதிவுகளைத் தொகுத்து வைக்கும் பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் பேச்சாளரின் தகுதி, ஸ்லைடுகளின் பொருள், நேரக்குறிகள், பதிவிறக்க இணைப்புகள் ஆகிய நான்கையும் ஒரே விரிதாளில் எழுதி வருகிறேன். பதிவைப் பற்றிய தகவல் என்ற பொருளில் இவற்றை மீதரவு என்கிறோம். பேச்சாளர் விவரமும் இணைப்புகளும் நாள்பட்டுப் பழுதாகின்றன. நேரக்குறிகளோ வெளியிடும் அன்றைக்கே பிழையாகிவிடக் கூடியவை. என் உழைப்பில் பெரும்பகுதி நேரக்குறிகளுக்கே சென்றதால் அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய ஆவணங்களை மின்னுருவாக்கம் செய்வது பற்றிய ஓர் உரை அது. மூலப் பதிவின் நீளம் 1 மணி 34 நிமிடம் 10 விநாடி. உரை முடிந்த அன்றே பதிவை ஓடவிட்டு, எந்தப் பொருள் எப்போது தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டேன். பிறகு படத்தொகுப்பாளர், பங்கேற்பாளர்கள் வந்து சேரும்வரை காத்திருந்த முதல் 6 நிமிடம் 48 விநாடியை வெட்டினார். பேச்சாளரின் இணையத் தொடர்பு அறுந்திருந்த 41:30 முதல் 45:45 வரையிலான பகுதியையும் நீக்கினார். முதல் வெட்டை அறிந்திருந்த நான் எல்லா நேரங்களிலிருந்தும் 6:48ஐக் கழித்து வெளியிட்டுவிட்டேன். நடுவில் நடந்த வெட்டை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முற்பாதியில் எதைச் சொடுக்கினாலும் சரியான இடத்துக்குச் சென்றது. பிற்பாதியில் ஒவ்வொன்றும் 4 நிமிடம் 15 விநாடி தள்ளிப்போய் விழுந்தது. முதல் இரண்டு குறிகளை மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் நான் கடைசிக் குறியிலிருந்து சோதிக்கத் தொடங்குகிறேன்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு விரிதாளில் வெளியீட்டு நேரத்தைக் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மூலப் பதிவின் நேரம் மட்டுமே நிலையாக இருக்கும். வெட்டுகள் ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது தனிச் சிறு அட்டவணையாக இருக்கும். ஒரு குறிக்கு முன்னால் எத்தனை வெட்டுகள் நடந்துள்ளனவோ அவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வெளியீட்டு நேரம் தானாகக் கிடைத்துவிடும். மேற்சொன்ன பதிவின் மூன்று குறிகள் திருத்தத்துக்குப் பின் இவ்வாறு அமைந்தன:

```
மூல நேரம்   கழிவு    வெளியீட்டு நேரம்
07:00      06:48    00:12
23:05      06:48    16:17
52:10      11:03    41:07
```

முதல் வரியில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. யூடியூபில் விளக்கக் குறிப்பிலுள்ள நேரங்கள் அத்தியாயங்களாகத் தோன்ற வேண்டுமானால், முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் 10 விநாடிக்காவது நீள வேண்டும். 0:12 என்று தொடங்கினால் நேரங்களைச் சொடுக்க முடியும், ஆனால் ஓட்டப் பட்டையில் பிரிவுகள் வரமாட்டா. பிழைச் செய்தி எதுவும் வராததால் காரணத்தைத் தேடி நெடுநேரம் அலைய நேரிடும். எனவே வரவேற்புரையின் குறியை 0:00க்கு இழுத்து வைக்கிறேன். பதிவை வெளியிடும் இணையப் பக்கத்தின் நிரலில், அத்தியாயத் தொடக்கத்தைத் தேடுபொறிகளுக்குச் சொல்ல எழுதும் `startOffset` விநாடிகளில் இருக்க வேண்டும் என்பதால், 41:07 அங்கே 2467 ஆகிறது. இரண்டையும் தனித்தனியே தட்டச்சு செய்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று பழையபடியே நின்றுவிடும். ஒரே விரிதாளிலிருந்து இரண்டையும் உருவாக்குவதே எனக்கு ஒத்துவந்தது.

விலகல் எந்த வகையானது என்பதிலிருந்து காரணத்தை அறியலாம். ஓர் இடத்துக்குப் பின் எல்லாக் குறிகளும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அங்கே ஒரு வெட்டு இருக்கிறது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகல் கூடினால், வெட்டைத் தேடிப் பயனில்லை. விநாடிக்கு 29.97 சட்டகங்கள் கொண்ட பதிவைத் தொகுப்பு மென்பொருள் 30 எனக் கணக்கிட்டு நேரம் காட்டியிருக்கலாம். அப்போது மணிக்கு ஏறத்தாழ 3.6 விநாடி வேறுபடும். அத்தியாயத் தொடக்கத்துக்கு அது பெரிய கேடில்லை, வசன வரிகளுக்கு மட்டுமே உறுத்தும்.

ஸ்லைடுகளின் பொருளை எழுதுவதில் நான் முதலில் செய்தது, ஸ்லைடின் தலைப்பை அப்படியே எடுத்து வைப்பதுதான். 38 ஸ்லைடுகளுக்கு 38 குறிகள் வந்தன. அவற்றில் ஐந்து ‘தொடர்ச்சி’ என்றே இருந்தன. இப்போது ஒன்பது அல்லது பத்துக்கு மேல் போவதில்லை. பார்வையாளர் மனத்தில் எழக்கூடிய கேள்விக்கு விடையாகத் தலைப்பை எழுதுகிறேன். ‘வருடல் அமைப்புகள்’ என்பதற்குப் பதிலாக ‘மங்கிய மையை எந்தத் தெளிவுத்திறனில் வருடுவது’ என்று இருந்தால் தேடி வருபவர் அடையாளம் காண்கிறார். குறியை ஸ்லைடு மாறும் கணத்தில் வைக்காமல், பேச்சாளர் அந்தப் பொருளைப் பேசத் தொடங்கும் வாக்கியத்துக்கு இரண்டு மூன்று விநாடி முன்பாக வைக்கிறேன். பலர் பேச்சைத் தொடங்கிய பிறகே ஸ்லைடை நகர்த்துகிறார்கள். ஸ்லைடு எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்: உரைக்குப் பின் பேச்சாளர் அனுப்பும் கோப்பில் இரண்டு ஸ்லைடுகள் சேர்ந்திருந்தால், பதிவில் 17 ஆக இருப்பது கோப்பில் 19 ஆகிவிடும். எந்தப் பதிப்பின் எண் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

பேச்சாளர் தகுதியில் நான் எடுத்த முடிவு சிலருக்கு உடன்பாடில்லை. பதவி மாறினால் பழைய பதிவிலும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நான் மாற்றுவதில்லை, ‘உரை நிகழ்ந்தபோது’ என்ற சொற்களோடு அன்றைய பதவியை அப்படியே வைத்து, இன்றைய நிலையை அறிய ஓர்சிட் போன்ற நிலையான ஆளடையாளப் பக்கத்துக்கு இணைப்புத் தருகிறேன். கேட்பவருக்குத் தேவையானது, அந்தக் கருத்தை அவர் எந்த நிலையில் நின்று சொன்னார் என்பதே. பட்டங்களின் நீண்ட பட்டியலைவிட, பேசும் பொருளில் அவர் செய்த வேலையை ஒரு வரியில் சொல்வது உதவுகிறது.

இணைப்புகளில் என்னை மிகவும் ஏமாற்றியது, உயிரோடு இருப்பதாகத் தோன்றிச் செத்துப்போனவை. பகிர்வு அனுமதி நீங்கிய கோப்பின் முகவரி, உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டி, வெற்றியைக் குறிக்கும் 200 என்றே பதிலளிப்பதுண்டு. தானியங்கிச் சோதனை அதை நல்ல இணைப்பாக எண்ணிக்கொள்ளும். அதனால் என்ன வகைக் கோப்பு வருகிறது என்பதையும் பார்க்கிறேன்:

```
curl -sIL "இணைப்பு" | grep -i '^content-type:' | tail -n 1
```

பிடிஎஃப் இருக்க வேண்டிய இடத்தில் `text/html` வந்தால் அனுமதி போய்விட்டது அல்லது கோப்பு நகர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கோப்பைக் கேட்காமல் அதன் தலைப்புத் தகவலை மட்டும் கேட்கும் இந்த வகைக் கோரிக்கையைச் சில சேவைகள் மறுத்துவிடுகின்றன. அவற்றை உள்நுழையாத தனிச் சாளரத்தில் கையால் திறந்து பார்க்கிறேன். பேச்சாளரின் சொந்தச் சேமிப்பிடத்துக்கு நேரடி இணைப்புத் தருவதை இரண்டாம் ஆண்டில் நிறுத்தினோம். அவர் ஒப்புதலோடு கோப்பை எங்கள் சேமிப்பிடத்தில் வைத்து, கோப்பின் வகை, அளவு, பதிப்பு நாள், பயன்பாட்டு உரிமம் ஆகியவற்றை இணைப்பின் அருகிலேயே எழுதுகிறோம். ஒப்புதல் தராதவர்களின் கோப்புகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்சொன்ன சோதனையை ஓட்டுகிறேன்; இணைப்பு செத்திருந்தால் அதை அழிக்காமல், கோப்பின் பெயரையும் கடைசியாகக் கிடைத்த நாளையும் விட்டுவைக்கிறேன், தேடுபவர் பேச்சாளரிடமே பெயர் சொல்லிக் கேட்க அது போதும்.