மார்த்தாண்டத்தில் 14,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய 'நியாய விலைக் கோடு'

மார்த்தாண்டத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பங்குச்சந்தை வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் பெயர் வேண்டாம். நான்கு வாரத்துக்கு 14,000 ரூபாய், கூடவே அவருடைய 'ரகசியக் கோடு'. அது விவாப், அதாவது கைமாறிய எண்ணிக்கையையும் சேர்த்துப் போடும் அன்றைய சராசரி விலைக் கோடு என்பது இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. எந்த சார்ட் செயலியிலும் VWAP என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். இலவசப் பொருளுக்குக் காசு கொடுத்ததைக்கூட விடலாம். அவர் காட்டிய கோடு விவாப்பே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் விற்பவர்களுக்கு விவாப்பைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். காலையில் 10 கிலோ 180 ரூபாய்க்கும், பிறகு 90 கிலோ 190 ரூபாய்க்கும் போனால் சராசரி 185 என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 189 என்பார்கள். அதிக எடை எந்த விலைக்குப் போனதோ அந்தப் பக்கம் சராசரி சாயும். பங்கில் எடைக்குப் பதில் கைமாறிய எண்ணிக்கை, அவ்வளவுதான். கணக்கு தினமும் 9:15-க்குப் புதிதாகத் தொடங்கும்.

அவர் காட்டிய பழைய சார்ட்டுகளில் கோடு காலையிலிருந்தே படுக்கையாக நின்றது. விலை கோட்டுக்குக் கீழே இருந்தால் "மலிவு, வாங்கு, தம்பி! நியாய விலைக்கு வந்தே தீரும்" என்பார். முப்பது நாள் சார்ட், முப்பது நாளும் விலை கோட்டைத் தொட்டது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அப்புறம் நிஜச் சந்தை. ஒரு பங்கு 500-ல் திறந்து இறங்கிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு என் செயலியில் விவாப் 494, விலை 488. அவர் சொன்னபடி 200 பங்கு வாங்கினேன். மதியம் இரண்டு மணிக்கு விலை 479, விவாப் 484. கோட்டுக்கும் விலைக்கும் இடைவெளி ஆறிலிருந்து ஐந்தானது உண்மைதான். ஆனால் விலை ஏறி வரவில்லை, கோடு இறங்கி வந்தது. 478-ல் முடித்தேன். 2,000 ரூபாய் போனது, புரோக்கரேஜும் வரியும் தனி.

இதுபோல் ஐந்தாறு தடவை பட்ட பிறகு, அவர் ஆதாரமாகக் கொடுத்த எக்செல் கோப்பை தக்கலையில் கணக்கு எழுதும் நண்பனிடம் காட்டினேன். ஒரு செல்லைச் சொடுக்கிவிட்டுச் சிரித்தான். E-யில் விலை, F-ல் எண்ணிக்கை. சார்ட்டில் ஒவ்வொரு ஐந்து நிமிட வியாபாரத்தையும் காட்டும் கட்டைக்கு மெழுகுவர்த்தி என்று பெயர், ஒரு நாளுக்கு 75, அதனால் 2 முதல் 76 வரை வரிசைகள். எல்லா வரிசையிலும் இதுதான் இருந்தது:

```
=SUMPRODUCT(E$2:E$76,F$2:F$76)/SUM(F$2:F$76)
```

அதாவது காலை 9:20-க்கே மாலை 3:30 வரையான வியாபாரம் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒரு நாளின் சராசரி அன்றைய உச்சத்துக்கும் அடிக்கும் நடுவில்தானே இருக்கும்? அப்படியானால் காலையில் திறந்ததிலிருந்தே அதற்குக் கீழே இருந்த விலை பிறகு ஏறித்தான் ஆக வேண்டும். முப்பதுக்கு முப்பது வந்த ரகசியம் அதுதான். வரிசை 2-ல் இப்படி எழுதி, கீழே இழுத்துவிட்டிருக்க வேண்டும்:

```
=SUMPRODUCT(E$2:E2,F$2:F2)/SUM(F$2:F2)
```

எக்செல் தெரியாதவர்களும் கண்டுபிடிக்கலாம். முதல் மெழுகுவர்த்தியின் உச்சம் 402, அடி 396, முடிவு 399 என்றால் மூன்றின் சராசரி 399. விவாப் அங்கேதான் தொடங்கும், ஏனென்றால் வேறு வியாபாரம் இன்னும் நடக்கவில்லை. கைமாறியது 50,000 பங்கு என்று வையுங்கள். அடுத்ததன் சராசரி 403, பங்கு 30,000 என்றால் கோடு 400.50-க்கு நகரும். அவர் சார்ட்டில் 9:15-க்கே கோடு 411-ல் நின்றது. முதல் மெழுகுவர்த்திக்கு வெளியே கோடு தொடங்கினால் ஒன்று அது பின்னால் நடந்ததைத் திருடிய கோடு, இல்லையென்றால் நேற்றைய கணக்கை அழிக்காத கோடு.

இப்போது நான் சரியான விவாப்பை வடிகட்டியாக மட்டும் வைத்திருக்கிறேன். விலை கோட்டுக்குக் கீழே இருக்க, கோடும் சரிந்தால் வாங்குவதில்லை. விலை கோட்டை மேலும் கீழுமாக வெட்டிக்கொண்டே இருக்கும் நாளில் அந்த வடிகட்டியும் உதவாது, அன்றைக்கு ஒதுங்கிவிடுவேன். மதியத்துக்கு மேல் சேர்ந்த எண்ணிக்கை பெரிதாகி கோடு அசையவே யோசிக்கும் என்பதையும் பழகித்தான் தெரிந்துகொண்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்க மனசுதான் சரியில்ல, தம்பி, கோடு சரி" என்றார். சரி, நாளைக் காலை 9:20-க்கு அன்றைய கோட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார், மாலை நான்கு மணிக்கு.