சேலத்தில் தூக்கப் பரிசோதனை: இதயம் பலவீனமானவரின் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

தூக்க ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்கள் லீவில் ஊருக்கு வந்தால், சொந்தக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இந்த முறை சேலத்தில் அந்தக் கவர்களுக்குள் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் நிறைய இருந்தன. வசதி பெருகியிருப்பது உண்மை. சொல்லிவிட்டால் வீட்டுக்கே வந்து மூக்கில் குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் கிளிப் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மறுநாளே ரிப்போர்ட் கிடைக்கிறது. குறட்டையும் உடல் பருமனும் உள்ளவருக்கு இது போதும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்குத்தான் சிக்கல். அவரிடம் இருப்பது வேறு வகை மூச்சு நிறுத்தமாக இருக்கலாம். முதல் பக்கம் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஒரு பெரியவரின் ரிப்போர்ட்டைப் பார்ப்போம். வயது 68, பழைய மாரடைப்பு, ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று காட்டும் இ.எஃப். எக்கோவில் 30 சதவீதம். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று அவர் மனைவி சொன்னதால் எடுத்த பரிசோதனை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ஏ.எச்.ஐ. 34, கடுமையான தூக்க மூச்சுத்தடை, ஆட்டோ சிபேப் வாங்கவும். இரண்டாம் பக்கத்தில் சிறிய கட்டத்துக்குள், மணிக்கு மூச்சு நின்ற அல்லது குறைந்த தடவைகளான அதே 34 பிரித்துப் போடப்பட்டிருக்கிறது: மூளையின் உத்தரவு வராமல் நிற்கும் சென்ட்ரல் வகை 22, தொண்டை மூடி நிற்கும் அடைப்பு வகை 3, இரண்டும் கலந்தது 2, மூச்சு முழுதாக நிற்காமல் குறைந்தது மட்டும் 7. அடைப்பு நோய் என்று முதல் பக்கம் சொன்னவரிடம் அடைப்பு மிகக் குறைவு. கேட்டபோது டெக்னீஷியன் தம்பி மறைக்காமல் சொன்னார்: "ரிப்போர்ட்டை மிஷினே போட்டுருதுங்க, நாங்க பிரிண்ட் மட்டும்தான் எடுக்கறோம்." மூச்சு ஏறி இறங்குவதைக் காட்டும் அலையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

அந்த அலையைப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிட அலை ஒரே பக்கத்தில் வரும்படி பிரிண்ட் கேளுங்கள். இவருடையதில் மூச்சு சின்னதாகத் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பெரிதாகி, உச்சிக்குப் போய், அதேபோல் படிப்படியாகச் சிறுத்து, நின்றுவிடுகிறது. பிறகு மறுபடி அதே ஏற்றம், அதே இறக்கம். பத்து நிமிடத்துக்குள் 9 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 67 நொடி. இதுதான் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு. குறைந்தது 40 நொடிச் சுற்று இருந்தால்தான் அந்தப் பெயரையே கொடுப்பார்கள். அடைப்பு வகையில் சுற்று பெரும்பாலும் இதைவிடக் குட்டையாக இருக்கும். மூச்சும் படிப்படியாகத் தொடங்காது, ஒரு பெரிய கொர்ரென்ற இழுப்போடு வெடித்துத் திறக்கும்.

இன்னும் உறுதியான அடையாளம் பெல்ட் கோடுகள். அடைப்பு வகையில் தொண்டை மூடியிருக்க, நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடிக்கொண்டே இருக்கும். பல நேரம் ஒன்று ஏற மற்றது இறங்கும். சென்ட்ரல் வகையில் மூக்குக் கோடு தட்டையாகும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்தே தட்டையாகிவிடும். தொண்டை திறந்துதான் இருக்கிறது. மூச்சு விடு என்ற உத்தரவு மூளையிலிருந்து வரவில்லை. ஆகவே புக் செய்யும்போதே நெஞ்சு, வயிறு இரண்டுக்கும் பெல்ட் உண்டா என்று கேட்டுவிடுங்கள். மூக்குக் குழாயும் விரல் கிளிப்பும் மட்டும் வைத்து எடுத்தால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மூளை ஏன் உத்தரவு தருவதில்லை? இதயம் பலவீனமானால் நுரையீரலில் நீர் தேங்கி, அங்குள்ள நரம்புகள் வேகமாக மூச்சு விடச் சொல்லித் தூண்டும். அதனால் ரத்தத்தில் கரியமிலவாயு எப்போதுமே கொஞ்சம் குறைவாக இருக்கும். தூக்கத்தில் அது ஒரு எல்லைக்குக் கீழே போனால் மூச்சு நின்றுவிடும். நின்றதும் வாயு சேரும். ஆனால் இதயம் மெதுவாகத் தள்ளுவதால் அந்தச் செய்தி கழுத்திலும் மூளையிலும் உள்ள உணரிகளுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். மாடித் தொட்டியிலிருந்து நீளமான குழாயில் சுடுதண்ணீர் வரும் குளியலறையில், சூடு வரவில்லையே என்று கூடத் திருகி, பிறகு சுட்டுவிட்டதென்று முழுக்க மூடுவோமே, அந்த மாதிரி மூளையும் கூட்டிக் குறைத்துத் தடுமாறுகிறது. சுற்று எவ்வளவு நீளமோ, ரத்தம் அவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது ஒரு வீடியோ. போர்வையை விலக்கி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி, விடாமல் நான்கு நிமிடம் எடுங்கள். ஒரு நிமிடத் துண்டில் ஒரு சுற்றுகூட முழுதாக அடங்காது. இந்த நோயாளிகள் பலருக்குப் பெரிய குறட்டையோ பகல் தூக்கமோ இருப்பதில்லை. மூச்சு உச்சிக்குப் போகும் கட்டத்தில் விழிப்பு தட்டும், எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். வீட்டில் அதை வெறும் மூச்சிரைப்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

இனி மிஷின். சிபேப் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. திறந்திருக்கும் தொண்டைக்கு அழுத்தம் கொடுத்தால் பலன் நிச்சயமில்லை. சிலருக்குச் சென்ட்ரல் நிறுத்தம் கூடவும் செய்யும். சென்ட்ரல் வகை இதய நோயாளிகளிடம் கனடாவில் நடந்த பெரிய ஆய்வு 2005-ல் வெளிவந்தபோது, சிபேப் ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் கருவியின் பதிவில் சென்ட்ரல் நிறுத்தத்தைக் குறிக்கும் CA, செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சைக் குறிக்கும் CSR என்ற எண்களைப் பாருங்கள். மாஸ்க் ஒழுங்காகப் பொருந்தியும் CA இறங்காமல் நிற்கிறதென்றால், அழுத்தத்தைக் கூட்டுவது வைத்தியமல்ல.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்குத்தான் அடுத்தது. அப்பாவுக்கு நல்லதாக வாங்கிப் போவோம் என்று ஏ.எஸ்.வி. கருவியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். அது ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக் குறைந்த இடத்தில் தானே தள்ளிக்கொடுக்கும், ஏ.எச்.ஐ. ஒரே இரவில் அழகாக இறங்கும். ஆனால் 2015-ல் வெளிவந்த சர்வ்-எச்.எஃப். ஆய்வில், இ.எஃப். 45 அல்லது அதற்குக் கீழே, சென்ட்ரல் வகை மேலோங்கியிருந்த நோயாளிகளிடம், அந்தக் கருவி போட்டவர்களில் இதயக் காரணத்தால் ஏற்பட்ட மரணம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. இ.எஃப். 30 உள்ள இந்தப் பெரியவர் சரியாக அந்தக் கூட்டத்தில் வருகிறார். எண் இறங்கியதை வைத்து நிம்மதி அடையக் கூடாத இடம் இது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கொடுக்க வருகிறவரிடம் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

அவருடைய கார்டியாலஜிஸ்ட் மிஷின் எழுதவில்லை. நீர் மாத்திரையைச் சரிசெய்து, இதய மருந்துகளை மெல்ல முழு அளவுக்கு ஏற்றினார். தலைப்பக்கம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மல்லாந்து படுத்தால் இந்த வகையும் மோசமாகும். மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் எடை 3 கிலோ இறங்கி, சென்ட்ரல் 22-லிருந்து 9 ஆகியிருந்தது. எல்லோருக்கும் இவ்வளவு இறங்கும் என்றில்லை. இறங்காவிட்டால் இரவு ஆக்சிஜன் போன்றவற்றை யோசிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு இரவு லேபில் தங்கி முழுப் பரிசோதனை எடுப்பது நல்லது.

லீவில் குடும்பத்தோடு ஏற்காடு ஏறுவது வழக்கம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்; சேலம் டவுனைவிட அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு வேகமாகும், கரியமிலவாயு இன்னும் இறங்கும், சுற்று மூச்சு கூடலாம். காட்டேஜில் தங்கியிருக்கும் இரவில் பரிசோதனை எடுத்து, அதைக் கீழே எடுத்த ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள். கால் வீக்கமும் எடையும் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில் மலையில் இரவு தங்க வேண்டாம். காலையில் ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம்.