குடல் டிபியா, க்ரோன்ஸா: ஒரே இடத்தில் புண், நேர் எதிரான மருந்து

உதாரணத்துக்கு 26 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்து மாதமாக வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி, சாப்பிட்ட பிறகு அது கூடுகிறது, தினமும் மூன்று நான்கு தடவை கழிச்சல், 62 கிலோ இருந்தவர் இப்போது 54. கடைச் சாப்பாடுதான் காரணம் என்று வீட்டில் சொல்ல, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் நாலு நாள் நின்று மறுபடி ஆரம்பிக்கிறது.

சாதாரணக் கிருமியால் வரும் பேதி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஜியார்டியா, அமீபா போன்றவை இழுத்தடிக்கலாம், அவற்றுக்கு மலப் பரிசோதனை உண்டு. குடலில் புண் இல்லாமலே வலியும் பேதியும் வரும் ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறு என்று சொல்லி அனுப்புவதும் நடக்கிறது, ஆனால் ஐ.பி.எஸ்ஸில் எட்டு கிலோ குறையாது. சந்தேகமிருந்தால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கலாம், குடலில் அழற்சி இருந்தால் அது ஏறியிருக்கும். இவருக்கு 600, இயல்பில் 50-க்குள் இருக்க வேண்டியது. ஆனால் அழற்சி இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், எதனால் என்று சொல்லாது. நம் ஊரில் இந்த வயதில் இந்தக் கதையோடு வருபவருக்குக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு பெயர்கள்: குடல் காசநோய் அல்லது க்ரோன்ஸ்.

குடல் டிபி கிருமியால் வருவது, ஆறு மாத மருந்தில் குணமாகும். க்ரோன்ஸ் நம் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவது, ஆயுளுக்கும் கூடவே வரும், அந்த எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பதுதான் சிகிச்சை. சிக்கல் என்னவென்றால், இரண்டுக்குமே பிடித்த இடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அந்த வலது அடிவயிற்று மூலைதான். இரண்டிலும் அங்கே புண் வரும், சுவர் தடிக்கும், பாதை சுருங்கும். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்ஸீல் 1913-லேயே, டிபி போலவே இருக்கிறது ஆனால் கிருமியைக் காணோம் என்று இந்த நோயைப் பற்றி எழுதினார். க்ரோன் உள்ளிட்ட மூவரின் கட்டுரை வந்தது 1932-ல்தான்.

கதையைக் கேட்டே ஓரளவு சாய்வு தெரியும். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, வயிற்றில் நீர் கோர்ப்பது, வீட்டில் யாருக்காவது டிபி, இதெல்லாம் டிபி பக்கம். மலத்தில் ரத்தம், ஆசனவாயைச் சுற்றி பௌத்திரம் அல்லது சீழ்க்கட்டி, அடிக்கடி வாய்ப்புண், மூட்டு வீக்கம், வருடக்கணக்கில் வந்து போகும் வலி என்றால் க்ரோன்ஸ் பக்கம். பௌத்திரத்தை நோயாளி கூச்சத்தில் சொல்லவே மாட்டார், மருத்துவர் கேட்டாக வேண்டும். நம்மவருக்கு லேசான மாலைக் காய்ச்சல் உண்டு, மற்றது எதுவும் இல்லை.

ஆசனவாய் வழியாகக் குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் டிபி புண் குடலைச் சுற்றி வளையம்போல் குறுக்கே ஓடும், சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் இடையிலுள்ள வால்வு மூட முடியாமல் வாய் பிளந்து நிற்கும். க்ரோன்ஸில் புண்கள் நீளவாக்கில் ஓடும், நடுநடுவே நல்ல பகுதியை விட்டுவிட்டு வரும், வாய்ப்புண் மாதிரி குட்டிக் குட்டியாகவும் இருக்கும். பாடப்புத்தகப் படத்தில் அழகாகப் பிரிந்திருக்கிறது. நேரில்? நம்மவருக்கு வால்வு லேசாகத் திறந்திருக்கிறது, பெருங்குடல் தொடக்கத்தில் குறுக்குப் புண் ஒன்று, சிறுகுடல் முனையில் குட்டிப் புண்கள் சில. இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி.

சரி, புண்ணிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி சொல்லிவிடாதா என்றால், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். திசுவில் நடுவே சீஸ் போல் அழுகிய கிரானுலோமா, அதாவது அழற்சி செல்களின் முடிச்சு, தெரிந்தாலோ கிருமியே கிடைத்தாலோ டிபி, பேச்சே இல்லை. ஆனால் குடல் டிபியில் கிருமி எண்ணிக்கை மிகக் குறைவு, அதனால் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று அர்த்தமில்லை. இன்னொன்று, எடுத்த துணுக்குகள் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்யவே முடியாது. சில துணுக்குகளைத் தனியாக சலைனில் போட்டு அனுப்ப வேண்டும். சின்ன விஷயம்தான், தவறினால் மறுபடி கொலனோஸ்கோபி. கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகும். நம்மவர் பயாப்ஸியில் கிரானுலோமா இருக்கிறது, அழுகல் இல்லை, ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். சி.டி.யில் நெறிக்கட்டிகள் நடுவே அழுகியிருந்தால் டிபிக்கு வலுவான சாட்சி, இவருக்கு அதுவும் இல்லை. டிபிக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை பாசிட்டிவ், ஆனால் உடம்பில் டிபி கிருமி தூங்கிக்கொண்டிருக்கும் ஆட்கள் நம் நாட்டில் ஏராளம் என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இப்போது ஏதாவது ஒன்றைத் தொடங்கியாக வேண்டும். டிபி இருப்பவருக்கு க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் முதல் சில வாரம் பசி எடுக்கும், காய்ச்சல் போகும், எல்லோருக்கும் சந்தோஷம், அதற்குள் கிருமி உடம்பெங்கும் பரவிவிடலாம். உயிருக்கே ஆபத்து. மாறாக க்ரோன்ஸ் இருப்பவருக்கு டிபி மருந்து கொடுத்தால் கல்லீரல் பாதிக்கும் அபாயம் உண்டு, நோயும் சில மாதம் கவனிப்பாரின்றி வளரும், குடல் சுருக்கம் கூடலாம். இரண்டும் நஷ்டம்தான், முதலாவது பெரிய நஷ்டம். அதனால்தான் எந்தப் பக்கமும் உறுதியாகாதபோது இங்கே டிபி மருந்தை முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள்: இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொடுத்துவிட்டு ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதில்தான் ஆட்சேபம்.

க்ரோன்ஸ் நோயாளிக்கும் டிபி மருந்தில் சில மாதம் நன்றாக இருப்பதுபோல் தோன்றலாம், ஏனென்றால் அந்த நோயே ஏறி இறங்கும் இயல்புடையது. நம்மவர் இரண்டாம் மாதம் வந்து "பரவாயில்லை டாக்டர், வலி குறைஞ்சிருக்கு" என்கிறார், எடையும் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. அந்த வார்த்தையோடு திருப்பி அனுப்பாமல் மறுபடி கொலனோஸ்கோபி செய்ய வேண்டிய நேரம் இதுதான். டிபியாக இருந்தால் இதற்குள் புண்கள் ஆறியோ தெளிவாக ஆறத் தொடங்கியோ இருக்கும், கால்ப்ரொடெக்டினும் நன்றாக இறங்கியிருக்கும். இவருக்கு 550. குட்டிப் புண்கள் அப்படியே இருக்கின்றன, நீளவாக்கில் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. கல்ச்சரும் நெகட்டிவ். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டு, மருந்துக்கு மசியாத டிபியா என்றும் யோசித்துவிட்டு, க்ரோன்ஸ் என்று முடிவு செய்து சிகிச்சையை மாற்றுகிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. புண் முழுக்க ஆறிய பிறகும் சாப்பிட்டால் வலிக்கிறது என்பவர்களுக்கு, ஆறிய தழும்பு குடலைச் சுருக்கியிருக்கலாம். அது டிபி மருந்து தோற்றதற்கு அடையாளம் இல்லை, பலூன் வைத்து விரிப்பதோ அறுவையோ தேவைப்படலாம். இரு நோயிலும், வயிறு உப்பி வாந்தி வந்து காற்றும் பிரியவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நம்மவருக்கு மாண்டூ பாசிட்டிவ் என்பதை மட்டும் கோப்பில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். பின்னால் க்ரோன்ஸ் அடங்காமல் எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி போட வேண்டி வந்தால், தூங்கும் கிருமியை அது எழுப்பிவிடக்கூடும், ஆகவே அதற்குத் தடுப்பு மருந்து தேவையா என்பதை ஊசிக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.