பான் எண்ணும் சிஐஎன் எண்ணும்: ஒரே கம்பெனிக்கு எதற்கு இரண்டு?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்ததும் வரும் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 21 இலக்கங்களில் சிஐஎன், அதாவது கம்பெனி அடையாள எண், இருக்கும். அதே தாளில் 10 இலக்கங்களில் பான் எண்ணும் இருக்கும். ஒரே விண்ணப்பத்தில் கேட்டு, ஒரே தாளில் கிடைப்பதால் இரண்டும் ஒரே வேலைக்குத்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். படிவத்தில் "பதிவு எண்" என்ற கட்டத்தில் பான் எண்ணை நிரப்புகிறார்கள், அல்லது ஜிஎஸ்டி எண்ணை எழுதிவிட்டுப் போகிறார்கள்.

சிஐஎன்னைத் தருபவர் கம்பெனிப் பதிவாளர். அவர் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் கீழ் வருபவர். பான் வருமான வரித்துறையினுடையது. இந்தக் கம்பெனி சட்டப்படி என்ன வகை, எந்த மாநிலத்தில் இருக்கிறது, பங்குச் சந்தையில் இருக்கிறதா என்பதைச் சிஐஎன் சொல்கிறது. கம்பெனியின் நிலை மாறினால் அதுவும் மாறும். வரிக்கணக்கு யார் பெயரில் என்பதை மட்டும் பான் சொல்கிறது. அது மாறுவதே இல்லை. மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறப்பவைதான்.

சிஐஎன்னைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதித் தகவல் கையில் வந்துவிடும். ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸின் எண் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதன் கடிதத் தாளிலேயே இருக்கிறது: `L17110MH1973PLC019786`. முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இல்லையென்றால் U. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலின் குறியீடு. MH மகாராஷ்டிரா, 1973 பதிவான ஆண்டு, PLC என்பது பப்ளிக் லிமிடெட். பிரைவேட் லிமிடெட் என்றால் அந்த இடத்தில் PTC வரும். கடைசி ஆறு இலக்கங்கள் பதிவாளர் அலுவலகத்தின் வரிசை எண். இங்கே தொழில் குறியீட்டைக் கவனியுங்கள். 17 என்பது பழைய தொழில் பட்டியலில் ஜவுளி உற்பத்தி. எண்ணெயும் தொலைத்தொடர்பும் வந்து இத்தனை ஆண்டுகளான பிறகும், ஜவுளியில் தொடங்கிய கதை அந்த எண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. அதனால் அந்த ஐந்து இலக்கங்களை மட்டும் நம்பி "இவர்கள் இந்தத் தொழில்தான் செய்கிறார்கள்" என்று முடிவு செய்யக் கூடாது.

தமிழ்நாட்டுக் கம்பெனிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மாநிலக் குறியீடு TN என்றுதான் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிவான கம்பெனிகளுக்கு TZ என்று வரும். திருப்பூர், கோவைப் பக்கத்துப் பில்களில் இதைப் பார்த்துவிட்டுப் போலி எண்ணோ என்று பயப்பட வேண்டாம், அது சரியான எண்தான்.

பானில் படிக்க அவ்வளவு இல்லை. ஐந்து எழுத்து, நான்கு எண், ஒரு எழுத்து. ஆனால் அதில் நான்காவது எழுத்து மிக முக்கியம். தனிநபர் என்றால் P, கம்பெனி என்றால் C, கூட்டாண்மை நிறுவனமும் எல்எல்பியும் F, இந்துக் கூட்டுக்குடும்பம் H. ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளும் பான் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான். ஆகவே ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இலக்கத்தைப் பார்த்தாலே எதிரில் இருப்பது கம்பெனியா தனிநபரா என்று தெரிந்துவிடும்.

இதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர், புதிதாக ஒரு தையல் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறார். ஜிஎஸ்டி நீங்கலாக 2,00,000 ரூபாய்க்குப் பில் வருகிறது. தலைப்பில் பெயர் "பிரைவேட் லிமிடெட்" என்று முடிகிறது. கீழே இரண்டு எண்கள் (இரண்டுமே உதாரணத்துக்காக நான் போட்டவை):

```
CIN   : U14101TZ2019PTC000000
GSTIN : 33AABCK0000M1Z5
```

ஜிஎஸ்டி எண்ணிலிருந்து பானை உருவினால் `AABCK0000M`. நான்காவது எழுத்து C. சிஐஎன்னில் PTC. பெயரில் பிரைவேட் லிமிடெட். மூன்றும் ஒத்துப்போகின்றன. பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரிதான் டிடிஎஸ். ஒப்பந்த வேலைக்கு அது கம்பெனி என்றால் 2 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். பிடித்தம் போக மீதியைக் கொடுத்துவிடலாம்.

இப்போது அதே பில்லில் நான்காவது எழுத்து P என்று இருந்தால்? தனிநபருக்கு விகிதம் 1 சதவீதம்தான், 2,000 ரூபாய். பெயரில் கம்பெனி, பானில் தனிநபர் என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. ஒன்று, சொந்தப் பெயரில் தொழில் செய்துகொண்டிருந்தவர் சமீபத்தில் கம்பெனியாக மாற்றிவிட்டு, பில் புத்தகத்தில் பழைய ஜிஎஸ்டி எண்ணையே விட்டுவைத்திருக்கிறார். அல்லது கம்பெனியே பதிவு செய்யாமல் பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிடெட்" சேர்த்திருக்கிறார். பின்னதற்கு 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் தினம் 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எதுவாக இருந்தாலும், விளக்கம் வரும் வரை பணத்தை நிறுத்தி வைப்பது நல்லது. பானே தரவில்லை என்றால் பிடித்தம் 20 சதவீதம், 40,000 ரூபாய். அந்த இடத்தில் சிஐஎன்னைக் காட்டிப் பயனில்லை, வரித்துறைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

தனிநபர் தொழிலைக் கம்பெனியாக மாற்றும்போது நடக்கும் குழப்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் மாட்டிக்கொள்வது இங்கேதான். உரிமையாளர் அதேதான், இடம் அதேதான், தையல் மிஷின்களும் அதேதான். ஆனால் வரித்துறைக்கு இவர் வேறு ஆள். கம்பெனிக்குப் புதிய பான், அதனால் புதிய ஜிஎஸ்டி எண். வாடிக்கையாளரின் கணக்காளரோ டேலியில் பழைய பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பானை மாற்ற மறந்துவிடுகிறார். ஆண்டு முழுக்கப் பிடித்த டிடிஎஸ் உரிமையாளரின் சொந்தப் பானுக்குப் போய்ச் சேர்கிறது. வருமானம் கம்பெனியின் கணக்கில், வரி வரவு தனிநபரின் கணக்கில். கம்பெனி ரிட்டர்ன் போடும்போது அந்தத் தொகையைக் கேட்க முடியாமல் நிற்கும். இதைச் சரிசெய்ய வேண்டியது கம்பெனி அல்ல, வரி பிடித்த வாடிக்கையாளர்தான். அவர் தன் டிடிஎஸ் அறிக்கைக்குத் திருத்தம் போட வேண்டும். வருடக் கடைசியில் போய் அவரைக் கெஞ்சுவதைவிட, காலாண்டுக்கு ஒரு முறை, பானில் வரவான வரியைக் காட்டும் கம்பெனியின் 26ஏஎஸ் விவரத்தைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் முதல் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு. பிரைவேட் லிமிடெட்டைப் பப்ளிக் லிமிடெட்டாக மாற்றினால் சிஐஎன்னில் PTC போய் PLC வரும். பதிவு அலுவலகத்தைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றினால் TN போய் KA வரும். பங்குச் சந்தைக்குப் போனால் U போய் L வரும். இந்த மூன்றிலும் பான் அசையாது. கம்பெனியின் பெயரே மாறினாலும், கார்டில் பெயரைத் திருத்திக்கொள்ளலாமே தவிர எண் அதேதான். பழைய கடன் ஆவணத்தில் ஒரு சிஐஎன், புதிய சான்றிதழில் வேறு சிஐஎன் இருந்தால் வங்கியில் கேள்வி வரும். அப்போது இரண்டும் ஒரே கம்பெனிதான் என்று காட்ட உதவுவது மாறாத பான்தான். கூடவே பதிவாளர் தந்த மாற்றச் சான்றிதழும் வேண்டும்.

சரி, எந்த எண்ணை எங்கே போடுவது? வருமான வரி ரிட்டர்ன், டிடிஎஸ், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, எம்எஸ்எம்இக்கான உத்யம் பதிவு எல்லாம் பானில்தான் ஓடுகின்றன. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடும் ஜிஎஸ்டி வந்த 2017 முதல் பான் எண்ணேதான். ஆண்டுக் கணக்கு தாக்கல், இயக்குநர் மாற்றம், சொத்து அடமானப் பதிவு போன்று பதிவாளரிடம் போகிற எல்லாவற்றுக்கும் சிஐஎன். கடிதத் தாள், பில் தலைப்பு, அறிவிப்புகள் ஆகியவற்றில் சிஐஎன்னை அச்சிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. தவறினால் கம்பெனிக்கும் பொறுப்பான ஒவ்வொரு அதிகாரிக்கும் நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம் வரை. ஜிஎஸ்டி விதிப்படியான பில் மாதிரியில் சிஐஎன் கேட்கப்படவில்லை என்பதால் பல பில்களில் அது விடுபட்டிருக்கும். ஒரு சட்டம் கேட்காததை இன்னொரு சட்டம் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஒருவரிடம் தொழில் தொடங்கும் முன் ஒரே ஒரு எண்ணைத்தான் சரிபார்க்க நேரம் இருக்கிறது என்றால், நான் சிஐஎன்னைத்தான் பார்ப்பேன். பானுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு ரகசியம், வரித்துறை நமக்குக் காட்டாது. சிஐஎன்னுக்குப் பின்னால் இருப்பது பொதுப் பதிவேடு. `mca.gov.in` தளத்தில் கம்பெனி மாஸ்டர் டேட்டா பகுதியில் போட்டால் பதிவு அலுவலக முகவரி, செலுத்திய மூலதனம், கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கு எந்தத் தேதி வரையிலானது என்ற விவரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பெனியின் நிலை தெரியும். அங்கே `Active` என்று இருக்க வேண்டும். `Strike Off` என்றால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டுவிட்டது. பெயர் நீக்கப்பட்டதும் பான் தானாகச் செத்துவிடாது, சரண்டர் செய்யாத வரை உயிரோடு இருக்கலாம். பானை மட்டும் சரிபார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவர்கள் ஏமாறுவது இந்த ஓட்டையில்தான்.

வெளிநாட்டு வாங்குபவர் அனுப்பும் படிவங்களில் இந்த இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் வரும். `Company Registration Number` என்ற இடத்தில் 21 இலக்க சிஐஎன் முழுவதையும் எழுதுங்கள், கடைசி ஆறு இலக்கங்களை மட்டும் எழுதினால் எந்த மாநிலத்துப் பதிவு என்று அவர்களுக்குத் தெரியாது. `Tax Identification Number` அல்லது `TIN` என்ற இடத்தில் பான். அமெரிக்க நிறுவனங்கள் கேட்கும் `W-8BEN-E` படிவத்தில் `Foreign TIN` என்று இருப்பதும் இதுதான். இங்கே ஒரு பழைய பழக்கம் இடறும். தமிழ்நாட்டில் வாட் வரி இருந்த காலத்தில் 33-ல் தொடங்கும் 11 இலக்க டின் எண் ஒன்று எல்லா வியாபாரிகளிடமும் இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் வழக்கமான வியாபாரத்தில் அதற்கு வேலை போய்விட்டது. ஆனால் பழைய கோப்பைப் பார்த்து நிரப்பும் அலுவலர் `TIN` என்ற எழுத்தைக் கண்டதும் அந்த எண்ணை எடுத்துப் போட்டுவிடுகிறார். படிவம் திரும்பி வந்தால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். பத்து இலக்கமாக இருந்து, நான்காவது எழுத்து C என்றால் சரி.